வளைகுழாய் மாடலிங்: மடிப்பைப் பாதையிலேயே பிடியுங்கள்

ஒரு வட்டத்தைப் பாதை வழியே இழுத்து, அதாவது ஸ்வீப் செய்து, உருவாக்கிய குழாயில் ஒரு மடிப்பு தெரிந்தால் பெரும்பாலானோர் உடனே ஸ்வீப்பின் செட்டிங்குகளைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். வட்டம் எந்த மையக்கோட்டின் வழியே போகிறதோ, அந்தக் கோட்டில்தான் இருக்கும். 3D மாடலிங் மென்பொருளான SolidWorks-ஐ வைத்தே சொல்கிறேன்.

25 மி.மீ. வெளிவிட்டம் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். முதலில் X திசையில் 200, அங்கிருந்து Y திசையில் 150, பிறகு Z திசையில் 120 மி.மீ. போகிறது. இரண்டு வளைவுகளும் வெவ்வேறு தளங்களில் இருப்பதால் சாதாரண ஸ்கெட்ச் போதாது. 3D Sketch வேண்டும். கோடு வரையும்போது Tab விசையை அழுத்தினால் வரையும் தளம் மாறும். இந்த மூலைகளை அப்படியே விட்டு ஸ்வீப் செய்தால், சாய்வாக அறுத்துப் பற்றவைத்த எல்போ போன்ற கூர்மூலைதான் கிடைக்கும்.

மூலையை மழுக்க, புள்ளிகள் வழியே ஸ்ப்ளைன் ஓட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. திரையில் அழகாகத்தான் தெரியும். ஆனால் ஸ்ப்ளைனின் ஆரம் இடத்துக்கு இடம் மாறும். எங்கோ ஓரிடத்தில் அது குழாயின் பாதி விட்டமான 12.5 மி.மீ.-க்கும் கீழே இறங்கிவிட்டால், வளைவின் உள்பக்கச் சுவர் தன்மேலேயே ஏறி மடியும், இல்லையென்றால் ஸ்வீப்பே தோற்றுப்போகும். தவிர, ஒரே டையில் வளைக்கும் பெண்டிங் மெஷினுக்கு நேர்கோடும் ஒரே ஆரமுள்ள வில்லும்தான் தெரியும். எனவே கோடுகளை வரைந்து, மூலைகளில் Sketch Fillet போடுவதே சரியான வழி. அது போடும் வில் இருபக்கக் கோடுகளையும் தொடுகோடாகவே தொடும். வில்லைக் கையால் வரைந்தால், Tangent உறவு இரு முனையிலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரை டிகிரி விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குழாயில் ஒரு விளிம்புக்கோடாக வந்து நிற்கும்.

அடுத்து, ஆரம் எவ்வளவு? 90 டிகிரி வளைவு ஒன்று, மூலையின் இருபுறமும் தன் ஆரத்தின் அளவுக்கே நீளத்தை எடுத்துக்கொள்ளும். நடுத்துண்டு 150 மி.மீ. என்பதால், ஆரம் 80 கொடுத்தால் 160 தேவைப்படும். ஃபில்லட் விழவே விழாது. 60 கொடுத்தால் விழும், ஸ்வீப்பும் மடிப்பில்லாமல் வரும். ஆனால் இரு வளைவுகளுக்கும் நடுவே 30 மி.மீ. நேர்நீளம்தான் மிஞ்சும். இரண்டாவது வளைவுக்குக் குழாயை இறுக்கிப் பிடிக்க, கிளாம்ப்புக்குப் பொதுவாக விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது நேராக வேண்டும், அதாவது இங்கே 50. இல்லையென்றால் அந்தக் குழாய்க்கென்றே தனியாக ஒரு கிளாம்ப் டை செய்ய வேண்டியிருக்கும். திரை எந்த எச்சரிக்கையும் தராத இடம் இது. ஆரத்தை 50 ஆக்கினால் நடுவில் சரியாக 50 நேராக நிற்கும். எந்த ஆரத்தில் டை இருக்கிறது என்று பெண்டிங் செய்பவரிடம் கேட்டுவிட்டு எண்ணை முடிவு செய்வது இன்னும் நல்லது.

இப்போது Swept Boss/Base-இல் Circular Profile-ஐத் தேர்ந்தெடுத்து விட்டம் 25 கொடுங்கள். சுவர்த் தடிமனுக்கு Thin Feature. தனியாக வட்டம் வரையத் தேவையில்லை. அது பாதைக்குச் செங்குத்தாகவே உட்காரும். பாதையின் நீளத்தையும் ஒருமுறை கணக்கிட்டுச் சரிபாருங்கள்: நேர்துண்டுகள் 150, 50, 70, வில்கள் ஒவ்வொன்றும் 78.5, மொத்தம் சுமார் 427 மி.மீ. மூலைகளை அப்படியே கூட்டி 470 என்று கட்டிங் லிஸ்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

வட்டக் குழாயில் முறுக்கல் தெரியாது. நீள்வட்டக் கைப்பிடியில் அதுதான் பெரிய தொல்லை. நம் பாதையில் முதல் வளைவு XY தளத்திலும் இரண்டாவது YZ தளத்திலும் இருக்கின்றன. குறுக்குவெட்டு ஒவ்வொரு வளைவின் தளத்துக்கும் ஏற்பத் திரும்பினால், நடுவிலுள்ள நேர்துண்டில் 90 டிகிரி முறுக்க வேண்டிவரும். அதனால் இப்படிப்பட்ட கைப்பிடிக்குக் குறுக்குவெட்டைத் தனி ஸ்கெட்சாக, பாதையின் தொடக்கத்தில் செங்குத்தான தளத்தில் வரைந்து, அதன் மையத்தைப் பாதையோடு Pierce உறவால் பிணையுங்கள். பிறகு Profile Orientation-இல் Follow Path, Profile Twist-இல் Minimum Twist. நேர்துண்டில் நீள்வட்டத்தின் நீண்ட அச்சு திசைமாறாமல் போகிறதா என்று நடுவில் ஒரு Section View வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக, மேற்பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டும் Zebra Stripes-ஐ இயக்குங்கள். இணைப்பில் பட்டைகள் விட்டுப்போனால் தொடுகோடு இல்லை; அது பிழை. பட்டைகள் சேர்ந்து, ஆனால் சட்டென்று திரும்பினால், தொடுகோடு இருக்கிறது, வளைமை மட்டும் தாவுகிறது. வளைத்த உலோகக் குழாய்க்கு அது இயல்புதான், திருத்த வேண்டாம். அச்சில் வார்க்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கைப்பிடியிலோ வெளிச்சம் அந்த இடத்தில் உடைந்து தெரியும். அதற்கு மட்டும் வில்லுக்குப் பதிலாக, இரு முனைகளிலும் Equal Curvature கொடுத்த ஸ்ப்ளைனைப் போட்டு, அதன் குறைந்தபட்ச ஆரம் கைப்பிடியின் பாதி அகலத்தைவிடத் தாராளமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.