மின்சுமை: மூட்டையா, ரப்பரா?

மணல் லோடு, செங்கல் லோடு, லோடுமேன் என்று லாரிப் பேச்சில் புழங்கும் அதே ‘லோடு’தான் மின்வாரியப் பேச்சிலும் இருக்கிறது. ‘அந்த டிரான்ஸ்பார்மர்ல லோடு ஜாஸ்தி’ என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்ற பொருளில் இருந்தது. கொண்டுசெல்லப்படும் பாரம் என்ற பொருள் பிற்பாடு வந்தது. மின்னியலுக்கு வந்தபோது அந்தப் பாரமும் கூடவே வந்தது. நாமும் ‘சும’ என்ற வேரிலிருந்து சுமை, மின்சுமை என்று வைத்துக்கொண்டோம். நல்ல சொல்தான், மாற்றத் தேவையில்லை.

ஆனால் அதில் ஒரு வழுக்கல் உண்டு. தலையில் இருக்கும் நெல் மூட்டை, சுமப்பவர் தளர்ந்தாலும் எடை குறையாது. மின்சுமை அப்படியல்ல, ரப்பரைப் போல நீளவும் சுருங்கவும் செய்யும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால் பழைய குண்டு பல்பு மங்கும், அதாவது குறைவாக எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஏசியோ அதே குளிர்ச்சியைத் தர, கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டையும் ‘சுமை’ என்கிறோம். மின்னழுத்த ஆய்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, அழுத்தம் இறங்கும்போது இந்தச் சுமையில் எது மாறாமல் நிற்கிறது என்பதைத்தான்.

திறன் மாறாமல் நின்றால் ‘மாறாத் திறன் சுமை’. மின்னோட்டம் மாறாமல் நின்றால் ‘மாறா மின்னோட்டச் சுமை’. மின்னோட்டத்துக்குச் சுமை காட்டும் மொத்த எதிர்ப்பான இம்பீடன்ஸ் மாறாமல் நின்றால் ‘மாறா மின்னெதிர்ப்புச் சுமை’. மூன்றையும் ஒரே சூத்திரத்தில் எழுதலாம்: P = P₀ (V/V₀)ⁿ. இதில் P திறன், V மின்னழுத்தம், P₀, V₀ அவற்றின் பெயரளவு மதிப்புகள். n முறையே 0, 1, 2. மூன்றையும் கலந்து எழுதும் மாதிரிக்கு ZIP என்று பெயர். Z மின்னெதிர்ப்பு, I மின்னோட்டம், P திறன்.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. மூலமான லத்தீன் வினைக்குக் காலைக் கட்டிப்போடுதல் என்று பொருள். தமிழில் இதற்கு மின்னெதிர்ப்பு, மின்மறுப்பு என்று இரண்டு சொற்கள் ஓடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் மின்மறுப்பை, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் காட்டும் எதிர்ப்பான ரியாக்டன்ஸுக்கு ஒதுக்கிவிட்டதால் நான் மின்னெதிர்ப்பையே எழுதுகிறேன். இலங்கையில் திறனை ‘வலு’ என்பார்கள். அங்கே ‘மாறா வலு’ பொருந்தும்.

‘மாறா’ என்பதற்குப் பதில் ‘நிலையான’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. மோட்டாரின் வேகமாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரி ‘இயங்குநிலை’ என்றால், இந்த மூன்றுமே ‘நிலை’ மாதிரிகள். நிலை மாதிரிக்குள் நிலையான மின்னோட்டம், நிலையான திறன் என்று எழுதினால் வாசிப்பவர் குழம்பிவிடுவார். இன்னொன்று: ‘மாறா’ என்றால் காலத்தால் மாறாதது என்று பொருளல்ல. இரவும் பகலும் சுமை மாறத்தான் செய்யும். மின்னழுத்தம் மாறினாலும் மாறாதது என்பதே பொருள்.

சரி, ஆய்வு முடிவில் என்ன வித்தியாசம் வரும்? ஒரு முனையில் 230 வோல்ட், கம்பியின் மின்தடை போக, வர மொத்தம் 1 ஓம், மறுமுனையில் 230 வோல்ட்டில் 4.6 கிலோவாட் எடுக்கும் சுமை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கத் திறன்காரணி 1. பெயரளவில் இது 20 ஆம்பியர்.

மாறா மின்னெதிர்ப்பு என்றால் சுமை 11.5 ஓம். 18.4 ஆம்பியர் ஓடும், முனையில் 211.6 வோல்ட் கிடைக்கும். மாறா மின்னோட்டம் என்றால் 20 ஆம்பியர், 210 வோல்ட். மாறாத் திறன் என்றால் அழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறி, ஏறிய மின்னோட்டம் அழுத்தத்தை மேலும் இறக்கி, கடைசியில் 207.9 வோல்ட்டில் 22.1 ஆம்பியராக நிற்கும். வித்தியாசம் நாலு வோல்ட்கூட இல்லை. ஆனால் கம்பியில் வீணாவது முதல் கணக்கில் 339 வாட், கடைசிக் கணக்கில் 490 வாட்.

சுமையை இரட்டிப்பாக்கி 9.2 கிலோவாட் ஆக்கினால் விடைகள் முறையே 195.9, 190, 178.4 வோல்ட். இப்போது வித்தியாசம் 17 வோல்ட்டைத் தாண்டிவிட்டது. மும்மடங்காக்கி 13.8 கிலோவாட் வைத்தால் முதல் இரண்டும் 182, 170 என்று ஒழுங்காக விடை தருகின்றன. மாறாத் திறனுக்கு விடையே இல்லை. இந்தக் கம்பி வழியே எட்டவைக்க முடிந்த உச்சத் திறன் 230²/4, அதாவது 13.2 கிலோவாட்தான். மென்பொருள் ‘குவியவில்லை’ என்று நின்றுவிடும். உள்ளீட்டில் தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவோர் உண்டு. தவறு இல்லாமலும் இருக்கலாம். அந்த மாதிரிப்படி அந்த நிலைமை சாத்தியமில்லை என்பதே விடை.

1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் நடந்தது இந்த வகைதான். கடும் வெயில். மதிய இடைவேளை முடிந்ததும் தேவை நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் வீதம் ஏறியது. அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க இருந்த மின்தேக்கிகளை எல்லாம் இணைத்தும் அது சரிந்தது. கடைசியில் சுமார் 8,000 மெகாவாட் சுமை துண்டாகி, 28 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். அழுத்தம் குறைந்தால் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் ஏசிகள் சரிவைத் தீவிரமாக்கியதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. மின்னெதிர்ப்பு மாதிரி வைத்திருந்தால் இந்தச் சரிவு கணக்கில் தெரிந்தே இருக்காது.

அப்படியானால் எப்போதும் மாறாத் திறனையே வைத்துவிடலாமா? மின்னழுத்தச் சரிவைப் பொறுத்தவரை அது பாதுகாப்பான பக்கம் சாயும். பரிமாற்ற வலையில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. துணைமின்நிலைய மின்மாற்றியில் சுற்று எண்ணிக்கையை மாற்றும் டேப் சில பத்து விநாடிகளில் அழுத்தத்தை மீட்டுவிடுவதால், மேலிருந்து பார்த்தால் சுமை பழைய திறனுக்கே திரும்பும். வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள வாட்டர் ஹீட்டர்கூட, அந்தக் கணத்தில் n = 2 என்றாலும், தண்ணீர் சூடாகும்வரை நீண்டநேரம் ஓடி மொத்த ஆற்றலைச் சரிக்கட்டிவிடும். ஆனால் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதுதான் கேள்வி என்றால், மாறாத் திறன் வைத்தவருக்கு மிச்சம் எதுவுமே தெரியாது. கம்பி இழப்பு கூடியதாகத்தான் தெரியும்.

மென்பொருளில் ஒரு கண்ணி உண்டு. மின்வினியோக வலை ஆய்வுக்கான OpenDSSஇல் `Model=1` மாறாத் திறன், `2` மாறா மின்னெதிர்ப்பு, `5` மாறா மின்னோட்டம். ஆனால் பெயரளவு அழுத்தத்தின் பின்னமாகக் கீழ் எல்லையைச் சொல்லும் `Vminpu` இயல்பாக 0.95. அழுத்தம் அதற்குக் கீழே போனதும் சுமை மாறா மின்னெதிர்ப்பின் பக்கம் தானாகச் சாய்ந்துவிடும். மேலே பார்த்த 207.9 வோல்ட் என்பது 0.90தான். எனவே மாறாத் திறன் என்று எழுதியும் 207.9 வராது, அதைவிட நல்ல எண் வந்து நம்மை ஏமாற்றும். அந்த எல்லையை இப்படி இறக்கி எழுத வேண்டும்:

```
New Load.L1 Bus1=b2 Phases=1 kV=0.23 kW=4.6 PF=1 Model=1 Vminpu=0.7
```

துணைமின்நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதையான பீடர் ஒன்றின் உண்மையான n என்ன என்பதை மேஜையில் உட்கார்ந்து ஊகிக்காமல் அளக்கலாம். டேப்பை ஒரு படி இறக்கி, முன்னும் பின்னும் திறனைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 2 சதவீதம் குறைந்து திறன் 3 சதவீதம் குறைந்தால் n ஏறத்தாழ 1.5. டேப் மாற்றிய சில விநாடிக்குள் எடுக்கும் அளவும் அரைமணி கழித்து எடுக்கும் அளவும் ஒத்துப்போகாது. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கிடைத்த n, பம்புகள் ஓடும் பகல் பதினொரு மணிக்குச் செல்லாது.