விளக்கு வைத்த பிறகு விலை ஏன் இறங்குகிறது: எல்லையோரச் சந்தையில் நியாயமாகப் பேரம் பேச

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் காய் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, சாயங்காலம் எத்தனை மணிக்குப் போனால் விலை குறையும் என்பதுதான். வேளாண் விற்பனைத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் காலை ஏலத்தையும் சாயங்காலச் சில்லறைக் கடைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் கேட்கிறார்கள். நேரத்தை மட்டும் சொன்னால் அது பாதிப் பதில். எந்தக் காய், விற்கிறவர் கையில் மிச்சம் எவ்வளவு, அன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு எவ்வளவு சரக்கு ஏறியது, இந்த மூன்றும் தெரிந்தால்தான் நேரத்துக்கு அர்த்தம் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். உழவர் சந்தையில் சாயங்கால விலை என்ற ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், விவசாயியே கொண்டுவந்து காலையில் விற்கிறார். அன்றைய மொத்த விலையையும் வெளிச் சில்லறை விலையையும் பார்த்து விலை முடிவாகி, பலகையில் எழுதப்படுகிறது. அங்கே பேரத்துக்கு இடமில்லை, தேவையும் இல்லை. ஆனால் அந்தப் பலகை நமக்கு நல்ல அளவுகோல். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், சாயங்காலம் வேறு கடையில் நிற்கும்போது சொல்லும் விலை கூடுதலா நியாயமா என்று தெரியும். விலை தெரியாமல் பேரம் பேசுகிறவர்தான் பாதிக்குப் பாதி கேட்டு, விற்கிறவரையும் நோகடித்துத் தானும் ஏமாறுகிறார்.

நான் சொல்லப்போவது தரையில் சாக்கு விரித்தும், தள்ளுவண்டி போட்டும், சந்தைக்குள் சின்னக் கடை எடுத்தும் விற்கிறவர்களைப் பற்றி. அவர்களிடம்தான் பொழுது சாயச் சாய விலை இறங்கும். ஏன் இறங்குகிறது என்பதை ஒரு பெட்டித் தக்காளியை வைத்தே பார்த்துவிடலாம். விலை தினம் மாறும் என்பதால், கணக்குப் புரிய ஒரு தொகையை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு அக்கா காலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் 25 கிலோ பெட்டி ஒன்றை 500 ரூபாய்க்கு எடுக்கிறார். கிலோ 20 ரூபாய் விழுகிறது. ஏற்று இறக்குக் கூலியும் லோடு ஆட்டோவில் அவர் பங்கும் சேர்த்து 40, சந்தையில் உட்காரும் இடத்துக்கு 20. கையில் முதல் இல்லாததால் காலையில் கடன் வாங்கிச் சாயங்காலம் வட்டியோடு கொடுக்கிறார். காலையில் 900 கையில் வாங்கி, இருட்டும்போது 1000 திருப்பிக் கொடுக்கிற வழக்கம் பல சந்தைகளில் இன்னும் இருக்கிறது. 2003 முதல் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் இருந்தும் இது முழுசாக ஒழியவில்லை. இந்தப் பெட்டிக்கு வட்டி 50 என்று வைப்போம். ஆக அவருக்கு அடக்கம் 610 ரூபாய்.

பெட்டியைக் கொட்டினால் அடியில் நசுங்கியது இரண்டு கிலோ போய்விடும். விற்க நிற்பது 23 கிலோ. மத்தியானத்துக்குள் 14 கிலோவைக் கிலோ 32 என்று விற்றால் 448 ரூபாய் வரும். அடக்கத்துக்கு இன்னும் 162 ரூபாய் வர வேண்டும். மிச்சம் ஒன்பது கிலோ. அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கிலோ 18 ரூபாய்க்குக் கொடுத்தால் போட்ட காசு வரும், கூலி ஒரு பைசா வராது. அந்த நேரத்தில் அவர் 25 சொல்கிறார். நாம் 15 கேட்டால், அவர் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்ததோடு கைக்காசையும் போட்டு நமக்குக் கொடுக்க வேண்டும்.

இனி விளக்கு வைத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழரைக்குள் ஆறு கிலோ 25 விலைக்குப் போய்விட்டது, 150 ரூபாய். இதுவரை 598 வந்திருக்கிறது. மூன்று கிலோ கிடக்கிறது, நன்கு பழுத்தது. நாளைக் காலை அதில் பாதி தண்ணீர் விட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால், “மொத்தமும் 40 ரூபா, அள்ளிக்கோங்க தாயி” என்கிறார். இந்த நேரத்தில் அவர் அடக்கத்தைப் பார்ப்பதில்லை, எது வந்தாலும் லாபம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். விலை சடாரென்று இறங்குவதற்குக் காரணம் இதுதான். 40 கொடுத்தால் அந்தப் பெட்டியில் அவருக்கு 28 ரூபாய் நிற்கும். “இருவதுக்குக் குடு” என்று நின்றால் எட்டு ரூபாய் நிற்கும். நமக்கு அது இருபது ரூபாய் வித்தியாசம். அவருக்கோ அந்தப் பெட்டியின் கூலியில் முக்கால்வாசி.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது, அவரே இறக்கிச் சொன்ன கடைசி விலையின் மேல் மறுபடி பேரம் வைக்காதீர்கள். ஐந்து மணிக்கு 25 சொல்லும்போது, “ரெண்டு கிலோ எடுத்துக்கிறேன், 22 போட்டுக் குடுங்க எக்கா” என்று கேட்பது நியாயமான பேரம். அளவு கூடினால் விலை கொஞ்சம் இறங்குவது அவருக்கும் வசதி, சரக்கு சீக்கிரம் குறையும். ஒத்துக்கொண்டால் வாங்கிவிட வேண்டும். விலையைப் பேசி இறக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தால், பக்கத்தில் நிற்கிறவருக்கும் அந்த விலை காதில் விழுந்திருக்கும், அவருக்கும் இறக்கியே கொடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று பலருக்குப் புரிவதில்லை. பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, அள்ளிப்போட்டால் ஒரு விலை. கூறு கட்டி வைத்திருக்கும் காயில் நல்லதும் சுமாரானதும் கலந்துதான் விலை வைத்திருப்பார்கள். கூறு விலைக்கு ஒத்துக்கொண்டு, அதிலிருந்து நல்லதாக மட்டும் பொறுக்கினால், அடுத்து வருகிறவருக்கு மிஞ்சுவது விலை போகாது. பொறுக்க வேண்டுமென்றால் கிலோ விலை கொடுங்கள். கூறாக வாங்கினால் கூறையே எடுங்கள். விலையில் நன்றாக இறக்கிய பிறகு கறிவேப்பிலை, மல்லித்தழை என்று கொசுறும் கேட்பது கூடாது. அவரும் அதைக் காசு கொடுத்துத்தான் எடுத்திருக்கிறார். அவராகப் பையில் போட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

எந்தக் காய்க்குச் சாயங்காலம் காத்திருக்கலாம்? கீரை, மல்லித்தழை, பழுத்த தக்காளி, வெண்டை, கத்தரி, பிஞ்சு அவரை. இவையெல்லாம் இராத்திரியைத் தாண்டினால் வாடுகிறவை. பல்லாரி, உருளை, சேனை, பூசணி, தடியங்காய் விற்கிறவர் சாயங்காலம் இறக்க மாட்டார், இறக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மூடி வைத்துவிட்டு நாளை அதே விலைக்கு விற்பார். சாக்குக்கு அடியில் கிடந்த சேனைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நின்று வாதாடுவது இரண்டு பேருக்கும் நேர விரயம்.

கீரையில் ஒரு விலக்கு உண்டு. சொந்தக் கொல்லையில் பறித்து நாலைந்து கட்டு மட்டும் கொண்டுவந்து உட்காரும் ஆச்சிகள் இருப்பார்கள். அவர்களுக்கு அன்றைய வரவு மொத்தமே அந்தக் கட்டுகள்தான். வேறு காயில் ஏற்றி ஈடுகட்ட வழி இல்லை. அங்கே சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள்.

மலிவாகக் கிடைத்ததெல்லாம் வீட்டுக்கு மலிவு ஆகாது. அந்த மூன்று கிலோவை 40 ரூபாய்க்கு வாங்கி, ஒன்றரைக் கிலோ கெட்டுப்போனால் உங்களுக்குக் கிலோ கிட்டத்தட்ட 27 ரூபாய் விழுந்திருக்கிறது, சாயங்கால விலையைவிட அதிகம். பழுத்த தக்காளி வாங்கினால் அன்று ராத்திரியே தொக்காகக் கிண்டிவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்றால் வாங்காதீர்கள். வெண்டையின் நுனி படக்கென்று ஒடிந்தால் எடுக்கலாம், வளைந்தால் விட்டுவிடுங்கள். கத்தரியின் காம்புத் தொப்பி பச்சையாக இருக்கிறதா, தோல் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெடித்த தக்காளியில் பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்து பயனில்லை. மெத்தென்ற காயில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பச்சை ஏறிய, நிறைய முளைவிட்ட உருளைக்கிழங்கு சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சோலனின் என்ற நச்சுப்பொருள் அதில் கூடியிருக்கும், வேகவைத்தாலும் பெரும்பகுதி போகாது.

எல்லைக்காரர்களாகிய நமக்கு மட்டும் உள்ள விஷயம், கேரளத்துக்குப் போகும் சரக்கு. நம் சந்தைகளில் எடுத்த காய் புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் பக்கம் போகிறது. அங்கே தேவை கூடினால் இங்கே சாயங்கால மிச்சம் என்பதே இருக்காது. ஓணத்துக்கு முந்தைய நாட்களில், அதிலும் உத்திராடம் நெருங்கும்போது, ஏத்தங்காய், சேனை, முருங்கை, வெள்ளரி எல்லாம் காலையிலேயே ஏறிவிடும். அந்த வாரம் ராத்திரி போனாலும் விலை இறங்காது. பேரம் பேசி மனம் கசக்க வேண்டாம், தேவையானதை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்தின்போதும், முகூர்த்த நாட்களிலும் இதே கதைதான்.

திருவோணம் முடிந்த கையோடு நிலைமை மாறும். அங்கே கடைகள் மூடியிருக்கும், இங்கே வயலில் காய் பறிப்பது நிற்காது. மழையில் மலைப்பாதை அடைபட்டாலும் அப்படித்தான், லாரிக்குப் போக வேண்டிய காய் உள்ளூரில் குவியும். அந்த நாட்களில் விலை ஏலத்திலேயே விழுந்துவிடும். விழுந்த விலையைச் சுமக்கிறவர் விவசாயி. அன்று வாங்கத்தான் வேண்டும், கூடுதலாகவே வாங்கலாம், வற்றல் போடலாம். ஆனால் விழுந்த விலைக்குக் கீழே இன்னும் தள்ளிக் கேட்பதை அன்றைக்காவது நிறுத்திவைக்க வேண்டும்.

கடைசியாக எடை. விலையை அளவுக்கு மீறி நெருக்கினால், அந்தக் குறைவை எடையில் எடுக்கும் கடைகளும் உண்டு. கிலோவுக்கு மூன்று ரூபாய் இறக்கியதாக நினைத்து, 900 கிராம் வாங்கி வருகிறோம். எடையில் தளர்ந்துபோகாதீர்கள், சரியான எடை நம் உரிமை. காய் போடும் முன் தராசு சுழியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டோ கூடையோ வைத்தால் அதன் எடையைக் கழித்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், பையில் இருக்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை, “இதைக் கொஞ்சம் வையுங்க அண்ணாச்சி” என்று சண்டை இல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். உறையின் சில கிராம் கூடக் காட்டலாம், ஐம்பது நூறு என்று மாறக் கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் முத்திரை வைக்க வேண்டும். முத்திரைச் சான்று கேட்டால் காட்ட வேண்டும். குறை இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். நாள், நேரம், கடை இருக்கும் இடம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் வந்து சோதிக்க வசதியாக இருக்கும்.