பொருட்பகுப்பு: ‘செமாண்டிக் செக்மெண்டேஷன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

‘செக்மெண்ட்’ என்பதன் வேர், வெட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. ‘செமாண்டிக்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘சேமா’ என்றால் குறி, அடையாளம். ஆக, படத்தை வெட்டி, வெட்டிய ஒவ்வொரு பகுதியும் என்ன பொருள் என்று சொல்வதுதான் செமாண்டிக் செக்மெண்டேஷன். ‘பகு’ என்ற வினை நமக்குப் பழக்கமானது. பகுதி, பகுப்பு, பகுபதம் எல்லாம் அதன் பிள்ளைகள். அதனால் ‘பொருட்பகுப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘சொற்பொருள் பிரிவு’ என்று மொழிபெயர்த்தால் அகராதி வேலை போல் ஒலிக்கும். படத்தில் சொல் எங்கே இருக்கிறது?

இதைப் பட வகைப்பாட்டோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வகைப்பாட்டில் ஒரு படத்துக்கு ஒரே விடை: ‘இது பூனை’. பொருட்பகுப்பில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரு விடை. 512×512 படம் என்றால் 2,62,144 விடைகள்.

ஒரு நிஜ வேலையை எடுத்துக்கொள்வோம். பழ ஈயின் புழு ஒன்றின் நரம்புத் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த 512×512 படங்கள். ஒவ்வொரு புள்ளியும் செல்லின் உள்ளா, செல்லைச் சுற்றிய சவ்வா என்று சொல்ல வேண்டும். கற்பிக்கக் கிடைத்தவை 30 படங்கள் மட்டுமே. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரோனபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் மூவரும் வெளியிட்ட யூ-நெட் என்ற செயற்கை நரம்பு வலை, இந்தப் படங்களை வைத்து நடந்த போட்டியில்தான் தன்னைக் காட்டியது.

அந்த வலையின் முதல் பாதி ‘என்கோடர்’, மறுபாதி ‘டிகோடர்’. குறியாக்கி, குறிநீக்கி என்ற சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ஆனால் இங்கே எந்தக் குறியும் நீக்கப்படுவதில்லை. உள்ளே போன படம் திரும்பி வருவதும் இல்லை. யூ-நெட் கட்டுரையே சுருங்கும் பாதை, விரியும் பாதை என்றுதான் அவற்றை அழைக்கிறது. ‘சுருக்கி, விரிப்பி’ என்று வைத்தால் நடப்பது அப்படியே கேட்கும்.

சுருக்கியில் நான்கு இடங்களில் படத்தின் அகலமும் உயரமும் பாதியாகின்றன. அதாவது அடியில் ஒரு கட்டம், மேலே இருந்த 16×16 புள்ளிகளுக்குப் பிரதிநிதி. அது சுற்றுப்புறத்தை நிறையப் பார்த்திருக்கும். ‘இந்த இடத்தில் சவ்வு இருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் சவ்வின் தடிமன் மூன்று புள்ளி என்றால், அந்தப் பதினாறில் எந்த மூன்று என்று அதற்குச் சரியாகத் தெரியாது. விரிப்பி அதை மட்டும் வைத்து மேலே வந்தால், கோடு பஞ்சு போல் வீங்கி, மூலைகள் மழுங்கி வரும். உங்கள் விடைப்படத்தில் எல்லைகள் இப்படி உருண்டு தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இங்குதான் ‘ஸ்கிப் கனெக்‌ஷன்’ வருகிறது. சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு படியிலும் இருந்த நுணுக்கமான விவரத்தை, அடிவரை போகவிடாமல் குறுக்கே தாவவிட்டு, விரிப்பியின் அதே அளவுப் படியில் ஒட்டுகிறார்கள். அடியிலிருந்து ‘என்ன’ வருகிறது, குறுக்கே ‘எங்கே’ வருகிறது. ‘தாவல் இணைப்பு’ என்று எழுதலாம்தான், ஆனால் இணைய உலாவியின் டேபுக்குத் தாவல் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ‘தாவு இணைப்பு’ என்று சுடுசோறு போல வினைத்தொகையாக வைத்தால் குழப்பமில்லை. ரெஸ்நெட் என்ற இன்னொரு வலையிலும் இதே பெயர் உண்டு, ஆனால் அங்கே கூட்டுகிறார்கள். யூ-நெட்டில் பக்கத்தில் அடுக்குகிறார்கள்:

```python
x = torch.cat([skip, x], dim=1)
```

இந்த ஒரு வரியில்தான் பலரும் இடறுவார்கள். ஓரம் தேயாமலிருக்க வெற்று விளிம்பு கூட்டும் இன்றைய யூ-நெட் வடிவத்துக்குள் 250×250 படம் கொடுங்கள். 250, 125, 62, 31, 15 என்று சுருங்கும், பாதியில் மீதம் விழுந்துவிடும். திரும்பும்போது 15 இரட்டித்து 30 ஆகும். குறுக்கே வந்ததோ 31. `Sizes of tensors must match except in dimension 1` என்று பிழை வரும். படத்தை 256 ஆக்குங்கள், அதாவது 16ஆல் வகுபடும்படி, சரியாகிவிடும். மூல யூ-நெட் ஓரத்தில் விளிம்பு கூட்டாததால், தாவி வருவதை வெட்டித்தான் ஒட்டியது. 572×572 உள்ளே போனால் வெளியே வருவது 388×388.

பொருட்பகுப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு செல்களையும் ‘செல்’ என்று ஒரே நிறத்தில் பூசும். எத்தனை செல் என்று அதைக் கேட்க முடியாது. ஃப்ரைபர்க்காரர்கள் இதைச் சமாளிக்க, ஒட்டிய செல்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய இடைவெளிப் புள்ளிகளில் தவறு செய்தால் தண்டனை அதிகம் என்று வைத்தார்கள். அப்புறம் துல்லியத்தை அளக்கும்போதும் கவனம் வேண்டும்: சவ்வு படத்தில் 10 சதவீதம் என்றால், எல்லாப் புள்ளிக்கும் ‘செல்’ என்று சொல்லும் சோம்பேறி வலைக்குக்கூட 90 சதவீத மதிப்பெண் கிடைத்துவிடும். அதனால் சவ்வுக்கு மட்டும் தனியாக, கணித்த பரப்பும் நிஜப் பரப்பும் எவ்வளவு மேல்விழுகின்றன என்று பார்ப்பார்கள். அந்தச் சோம்பேறிக்கு அதில் சுழியம்.