சிங்கப்பூரில் இருக்கும் போன் லண்டனைச் சுற்றி ஏன் பேசுகிறது?

ராயபுரத்திலிருந்து என் மாமா, பேரனைப் பார்க்க நாலு நாள் சிங்கப்பூர் போனார். கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் டிராவல் இசிம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "சாப்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று நான் மறுபடி வாயைத் திறக்கும்போதுதான் அவர் குரல் வந்து மோதும். சிக்னல் முழுசாக இருந்தது. what is my ip என்று தேடிப் பார்க்கச் சொன்னேன், ஊர் லண்டன் என்று காட்டியது.

டிராவல் இசிம்களில் நிறைய, நாம் போகும் நாட்டின் சிம் கிடையாது. வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம், சிங்கப்பூரில் ரோமிங்கில் ஓடுகிறது. டவர் பக்கத்திலேயே இருந்தாலும், டேட்டா முதலில் அந்தத் தாய் நிறுவனத்தின் கேட்வே என்ற வாசலுக்குப் போய்த்தான் இணையத்தைத் தொடும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நேராக 2,900 கி.மீ.தான், லண்டனைச் சுற்றி வந்தால் ஏறக்குறைய 19,000. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. போகும், ஆக ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 0.1 நொடி. நம் கேள்வி போய் அவர் பதில் வர அதைப்போல் இரு மடங்கு, அதற்கு மேல் மற்றத் தாமதங்கள். மேப் பார்க்க, மெசேஜ் அனுப்ப இது தெரியவே தெரியாது. பேசும்போதுதான் உறுத்தும்.

இந்த இசிமுக்கு 'டேட்டா ரோமிங்' ஆன் செய்தே ஆக வேண்டியதும் இதனால்தான். செய்யாவிட்டால் டவர் காட்டும், நெட் வராது. நம்ம ஊர் சிம்முக்கு அதே பட்டனை ஆஃபில் வையுங்கள், ஐபோனில் Allow Cellular Data Switching என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இசிம் தடுமாறும் நேரத்தில் டேட்டா சத்தமில்லாமல் இந்திய சிம்முக்குத் தாவி பில் ஏறும். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கை மட்டும் ஊரிலேயே இயக்கி வைத்தால் பேங்க் ஓடிபி வரும். அதில் வரும் அழைப்பை எடுத்தால் காசு.

இன்னொரு வழி சிங்கப்பூரின் உள்ளூர் சிம், அதைப் பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும். டேட்டா அங்கேயே இணையத்தில் இறங்குவதால் பேச்சு தெளிவாக இருக்கும். அப்புறம் முக்கியமானது, ஒரு உள்ளூர் நம்பர் கிடைக்கும். டிராவல் இசிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான், ஆஸ்பத்திரி லேண்ட்லைனுக்கோ டாக்சிக்காரருக்கோ அதிலிருந்து சாதாரண கால் போகாது. ஒரே ஒரு சிம் துளை உள்ள போனில் இந்திய சிம்மைக் கழற்றி இதைப் போட்டால் ஓடிபி நின்றுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு நாளைக்கு மேப்பும் வாட்ஸ்அப்பும் போதுமென்றால் நான் இசிம்தான் சொல்வேன். *#06# அடித்து EID என்று ஒரு எண் வந்தால் போன் இசிமுக்குத் தயார். ஏற்றிய பிறகு அழித்துவிடாதீர்கள், பல கியூஆர் கோடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும். மாமா அடுத்த முறை மகளின் பிரசவத்துக்குப் போகிறார், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும். அவர் போனில் இரண்டு துளை இருக்கிறது, விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கி இரண்டாவதில் போடச் சொல்லியிருக்கிறேன்.