ராத்திரி ஒன்பது மணிக்கு "சாப்டாச்சா மா"ன்னு கேக்குற மேனேஜர்

போன பொங்கல் லீவுக்கு வேலூர் வந்திருந்தப்போ என் சித்தி பொண்ணு போன என் கையில குடுத்துட்டு, "அக்கா, நீதான சைக்காலஜி படிச்சவ, இவரு இன்னாத்துக்கு எனக்கு டெய்லி இப்டி மெசேஜ் போடுறாருன்னு படிச்சுட்டு சொல்லு"ன்னா. பேரு கலைன்னு வச்சுக்குவோம், உண்மையான பேரு வேணாம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் யூனிட்ல மெர்ச்சண்டைசரா இருக்கா. மேனேஜருக்கு நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், சொந்த ஊரு கோயமுத்தூர், பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறதால குடும்பத்த அங்கயே விட்டுட்டு காட்பாடியில ஒரு வாடகை வீட்ல தனியா இருக்காரு.

மெசேஜ்ல தப்பா ஒண்ணுமே இல்ல. சாப்டாச்சா, இன்னிக்கு வெயில் தாங்கல, இந்த ஹோட்டல் தோசைய பாருங்க கல்லு மாதிரி இருக்கு, அந்த மாதிரிதான். தப்பா இல்லாததுதான் அவளுக்குப் பிரச்சனையே, தப்பா இருந்தா என்ன பண்ணணும்னு அவளுக்குத் தெரியும். இதுல தனிமையா, சும்மா பழக்கமா, இல்ல மனசுல வேற எதாவது இருக்கான்னு தெரியாம ப்ளூ டிக்க பாத்துக்கினே முழிக்கறா.

ஒரு மெசேஜ எடுத்து எவ்ளோ நேரம் ஆராய்ச்சி பண்ணாலும் விடை வராது, ஏன்னா "சாப்டாச்சா"ன்றது மூணு காரணத்துக்கும் ஒரே மாதிரிதான் வரும். அத எது கிளப்பி விடுது, எது இருந்தா நிக்குதுன்னு பாக்கணும். அதனால அவ சாட்ட பத்து வாரத்துக்கு பின்னாடி தள்ளி, ஒரு பழைய டைரில நாள், நேரம், அன்னிக்கு அவரு எந்த ஊர்ல இருந்தாருன்னு எழுத வச்சேன். அவளுக்கு போரடிச்சுது, எனக்கு ஜாலியா இருந்துச்சு.

முதல்ல பழக்கத்த எடுத்துக்கலாம். பழக்கம்னா பிடிச்சத திரும்பத் திரும்ப பண்றதுன்னு நாம நெனைக்கறோம், ஆனா கொஞ்ச நாள்ல பிடிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம போயிடும். டேவிட் நீல், வெண்டி வுட் இவங்கல்லாம் சேந்து 2011ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தியேட்டர்ல படம் பாக்க வந்தவங்களுக்கு பாப்கார்ன் குடுத்தாங்க, பாதி பேருக்கு அப்போ பொரிச்சது, பாதி பேருக்கு ஒரு வாரம் ஆன நமுத்துப் போனது. தியேட்டர்னாலே பாப்கார்ன்னு பழகினவங்க நமுத்துப் போனதையும் அதே அளவுக்கு தின்னுட்டாங்க, நல்லா இல்லன்னு தெரிஞ்சே. அதே நமுத்த பாப்கார்ன ஒரு மீட்டிங் ரூம்ல குடுத்தப்போ கை அந்த அளவுக்கு போகல. பழக்கமில்லாத கையால எடுத்து சாப்ட சொன்னப்போ தியேட்டர்லயே கொறைஞ்சுடுச்சு. அதாவது பழக்கத்த தூண்டுறது ருசி இல்ல, இடமும் நேரமும் அந்த கை அசைவும்தான்.

கலையோட கதையில இது எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடினோம். ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒரு பெரிய ஆர்டர், கன்டெய்னர் சென்னை போர்ட்டுக்கு கெளம்புற வரைக்கும் டெய்லி ராத்திரி ஒன்பது மணிக்கு எத்தன ஜோடி பேக்கிங் ஆச்சுன்னு அவதான் அவருக்கு மெசேஜ் போடணும், அவரு "ஓகே, சாப்டு தூங்குங்க மா"ன்னு முடிப்பாரு. இது அஞ்சு வாரம் ஓடுச்சு. ஷிப்மென்ட் போயாச்சு, ஒன்பது மணி மட்டும் போகல. பத்து வாரத்துல 44 ராத்திரி மெசேஜ் வந்திருக்கு, அதுல 37 எட்டே முக்கால்ல இருந்து ஒன்பதரைக்குள்ள. ஒருத்தர நெனச்சு ஏங்கறவருக்கு இந்த மாதிரி பஸ் டைம் கணக்கா ஏக்கம் வராது. இது கிட்டத்தட்ட நமுத்த பாப்கார்ன்.

ஆனா பழக்கம்னு முடிவு கட்டி டைரிய மூடிட முடியல. அவரு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழம ராத்திரி காட்பாடி ஜங்ஷன்ல ரயிலேறி கோவை போயிடுவாரு, அந்த ஞாயித்துக்கிழமைங்கள்ல ஒரு மெசேஜும் இல்ல. கலை உடனே "பாத்தியா, பொண்டாட்டி பக்கத்துல இருந்தா போட மாட்டாரு"ன்னா. அவசரப்படாதடின்னேன். ஊருக்குப் போனா மெசேஜ் வரலன்றது மூணுக்குமே பொருந்தும், பழக்கம்னா இடம் மாறிடுச்சு, தனிமைன்னா வீட்ல ஆளு இருக்கு, ஆசைன்னா மறைக்கறாரு. மூணுக்கும் பொருந்தற சாட்சி எதுக்கும் சாட்சி இல்ல. இந்த எடத்துலதான் நெறைய பேரு சறுக்கறாங்க, தனக்கு பயமோ ஆசையோ எது இருக்கோ அந்தப் பக்கம் சாச்சு படிச்சுடுவாங்க.

நமக்கு வேண்டியது மூணும் வேற வேற பதில் சொல்ற நாளு. அப்டி ரெண்டு கெடச்சுது.

ஒண்ணு, அவரு ஊருக்குப் போகாம காட்பாடியில தனியா இருந்த ஞாயித்துக்கிழமைங்க. மொத்தம் அஞ்சு. அஞ்சுலயும் மெசேஜ் வந்திருக்கு, ஆனா ஒன்பது மணிக்கு இல்ல, சாயந்தரம் நாலு அஞ்சு மணிக்கு, நீளமா. பழைய கம்பெனி கதை, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்ட்டு சும்மா அகழி ஓரமா நடந்தது, பொண்ணு போன்ல சரியா பேச மாட்டேங்குறான்னு. வேலையும் இல்ல, அந்த நேரமும் இல்ல, ஆனாலும் வருதுன்னா அது பழக்கம் இல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்துல ஜான் கசியோப்போ பல வருஷம் தனிமையப் பத்தி வேலை பண்ணாரு, அவரு சொன்னது தனிமை பசி மாதிரின்னு, போய் ஆள சேத்துக்கோன்னு உடம்பு குடுக்கற சிக்னல். தனியா இருக்கறது வேற, தனிமை வேற, கூட்டத்துக்குள்ளயும் இந்தப் பசி எடுக்கும். காட்பாடியில வேலையில்லாத ஞாயிறு சாயந்தரம் எப்டி இருக்கும்னு அங்க தனியா ரூம் எடுத்து இருந்தவங்க யார கேட்டாலும் சொல்வாங்க.

ரெண்டாவது, அரையாண்டு லீவுக்கு குடும்பம் மொத்தமும் பத்து நாள் காட்பாடிக்கே வந்துச்சு. இது அருமையான நாளுங்க, ஏன்னா அதே வீடு, அதே வேலை, அதே ஒன்பது மணி, தனிமை மட்டும் இல்ல. பழக்கம் மட்டும்தான்னா மெசேஜ் அப்டியே வந்திருக்கணும், தனிமை மட்டும்தான்னா சுத்தமா நின்னுருக்கணும். வந்தது என்னன்னா நாலு நாள் மட்டும் ஒன்பது மணி சுமாருக்கு ஒரு வரி, "சாப்டாச்சா"ன்னு, அவ்ளோதான். அவ பதில் போட்டும் தொடரல. சோ கதவ தட்டுறது பழக்கம், உள்ள வந்து உக்காந்து பேசறது தனிமை. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட ஒண்ணுமேல ஒண்ணா இருக்கு, இத ஒரே பேரு வச்சு கூப்ட முடியாது.

சரி, மூணாவது? ஆசை இருந்தாலும் குடும்பம் வந்தா மெசேஜ் கொறையத்தான செய்யும். அதனால இதுக்கு நாளக் கணக்கு பத்தாது, வேற கேள்வி வேணும், அந்த எடத்துல வேற ஆள வச்சாலும் நடக்குமா? பசிக்கு இட்லியும் ஆகும் பொங்கலும் ஆகும், தனிமைக்கு காது குடுக்கற யாரா இருந்தாலும் சரி. ஆசைக்கு அந்த ஒரு ஆளுதான் வேணும். அதனால ஆசை இருக்கறவரு சொன்னத ஞாபகம் வச்சிருந்து திரும்பக் கேப்பாரு, உங்க அம்மா முட்டி வலி எப்டி இருக்குன்னு வருவாரு, பேச்சு போகப் போக குறுகி உங்களயே சுத்தும், ஆபீஸ்ல சொல்லாதன்னு ஒரு வார்த்த எங்கயாவது எட்டிப் பாக்கும். இவரு மெசேஜ்ல பழைய கம்பெனி கதை மூணு தடவ வந்திருக்கு, அதே கதை. அவகிட்ட கேள்வி கேட்டது ரொம்ப கம்மி. எனக்கு அதப் படிச்சு பாவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அக்கவுன்ட்ஸ்ல ஆற்காட்டுல இருந்து வர்ற ஒரு பெரியவரு இருக்காரு, அவருகிட்ட கலை பேச்சுவாக்குல கேட்டா, அதே கல்லு தோசை போட்டோ அவருக்கும் ரெண்டு நிமிஷம் கழிச்சு போயிருக்கு.

ஆனா ஒரு மெசேஜ் எதுலயும் ஒட்டல. அவ காய்ச்சல்னு லீவு போட்ட அன்னிக்கு மத்தியானம், "நீங்க இல்லாம ஆபீஸே நல்லா இல்ல". அது அவளுக்கு மட்டும் போனது. பத்து வாரத்துல ஒண்ணே ஒண்ணு, இத வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது. தனிமையில இருக்கறவரு சும்மா சொன்னதாவும் இருக்கலாம், அவருக்கே இன்னும் தெரியாததாவும் இருக்கலாம்.

இங்க இன்னொரு விஷயம் இருக்கு, அவரு மேனேஜர். ஜொனாதன் குன்ஸ்ட்மன், ஜான் மேனர் ரெண்டு பேரும் 2011ல ஒரு ஆராய்ச்சில காட்டினது, கையில அதிகாரம் குடுத்தா மனுஷன் கீழ இருக்கறவங்களுக்கு தன்மேல ஈர்ப்பு இருக்கறதா கூடுதலா கற்பனை பண்ணிக்கறான்னு. கலை மரியாதைக்கு போடுற சிரிக்கற எமோஜி அவரு பக்கம் வேற எடையில எறங்கலாம். இதுக்கு நேர் எதிர் பக்கத்துல வனெஸ்ஸா போன்ஸ் 2019ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, வேலை செய்யற எடத்துல தன் ஆசைய மறுக்கறது அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ கஷ்டம்னு ஆசைய சொன்னவருக்கு தெரியறதே இல்ல, சுலபமா மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேன்னுதான் நெனைக்கறாரு. இப்டி ரெண்டு பக்கமும் சேந்தா, தனிமையில ஆரம்பிச்ச சாட் யாரும் முடிவு பண்ணாமலே வேற எடத்துக்கு நகரும். அதனால இன்னிக்கு எடுத்த கணக்கு இன்னிக்குதான், மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும்.

கலை கேட்டா, "அப்போ பாவம்னு விட்ரவா?" காரணம் தனிமைன்றதால அவ ராத்திரி அவருக்கு எழுதிக் குடுத்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. வேலை எடத்துல பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டத்துலயும் விரும்பத்தகாததான்னுதான் கேள்வி, அது பாலியல் ரீதியான நடத்தைக்கு, தோசை போட்டோவுக்கு இல்ல, ஆனா அந்த எல்லை தாண்டினா அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு அவ நிரூபிக்க வேண்டியதில்ல. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல உள்புகார் குழு இருந்தே ஆகணும், கடைசியா நடந்ததுல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும். அவ யூனிட்ல குழு இருக்கான்னே அவளுக்குத் தெரியல, நோட்டீஸ் போர்டுல இருந்த பேர அப்புறம் போய்தான் பாத்தா. காய்ச்சல் அன்னிக்கு வந்தத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோன்னேன்.

அவ பண்ணது ரெண்டே. ராத்திரி வர்றதுக்கு மறுநாள் காலைல ஒன்பதரைக்கு ஆபீஸ் வந்து பதில், வேலை விஷயம் மட்டும். தோசைக்கு "சார் டீம் குரூப்ல போடுங்க, எல்லாரும் பாப்பாங்க". முதல் வாரம் மெசேஜ் கூடிச்சு, "கோவமா மா?"ன்னு ஒண்ணு வந்துச்சு, அவ பயந்துட்டா. பதில் திடீர்னு நின்னா முதல்ல அதிகமா தட்டிப் பாக்கறது பழக்கத்துல நடக்கறதுதான், அதோட தனிமையில இருக்கறவங்க ஒதுக்கறாங்களோன்னு சீக்கிரம் பதறுவாங்க, கசியோப்போ சொன்னதுல அதுவும் ஒண்ணு. அதனால அந்தக் கேள்வி ஒண்ண வச்சு ஆசைன்னு எடுத்துக்க முடியாது, அது தொடர்ந்து வருதா, குரல் மாறுதான்னு பாக்கணும். வரல. மாசி பாதியில ஒன்பது மணி மெசேஜ் வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆயிடுச்சு, தோசை குரூப்புக்குப் போயிடுச்சு.

போன வாரம் போன் பண்ணி சிரிக்கறா. அக்கவுன்ட்ஸ் பெரியவரு இவகிட்ட வந்து பொலம்பினாராம், "இன்னா மா நீ பாட்டுக்கு குரூப்ல போட சொல்லிட்ட, மனுஷன் இப்ப எனக்கு ராத்திரி பத்து வரைக்கும் வாய்ஸ் நோட்டு அனுப்பறாரு, ஞாயித்துக்கிழம ஆற்காட்டுக்கு பிரியாணி சாப்ட வந்துட்டாரு"ன்னு.