கேற்றில் குடிச்ச 15 யூனிட்: குசினிச் சாமான்களின் கரண்ட் கணக்கு

கொக்குவிலில் இருக்கிற மாமி போன மாதம் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா. வழக்கமாக 112 யூனிட் அளவில் நிற்கிற வீடு, இந்த முறை 127. யூனிட் கூடினது வெறும் 15, ஆனால் காசு கிட்டத்தட்ட ஆயிரம் ரூபா கூடிவிட்டது. "மீற்றரில என்னவோ பிழை தம்பி, புதுசா ஒண்டும் போடேல்ல" என்றா. கொஞ்சம் கேட்டபிறகுதான் சொன்னா, காஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கேற்றில் வாங்கினவவாம். "உது சின்னச் சாமான் தானே, ஆறு நிமிசத்தில நிண்டுபோகுது, அது என்ன கரண்ட் குடிக்கப் போகுது?"

அந்த ஆறு நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் W என்று ஒரு எண் இருக்கும், அதுதான் வாற்று. அதை ஒரு நாளில் ஓடுகிற மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் ஒரு நாளைய யூனிட். முப்பதால் பெருக்கினால் மாதத்துக்கு.

```
மாத யூனிட் = W × மணித்தியாலம் ÷ 1000 × 30
```

மாமியின் கேற்றில் 1500 வாற்று, கொள்ளளவு 1.7 லீற்றர். மாமி எப்போதும் விளிம்பு வரை நிரப்பித்தான் வைப்பா, யாராவது வந்தால் தேத்தண்ணி போட உதவும் என்று. நிரம்பின கேற்றில் கொதிக்க ஏறக்குறைய ஆறரை நிமிடம். 1500 ஐ 6.5 ஆல் பெருக்கி 60 ஆல் பிரித்தால் 162 வாற்று மணி வருகிறது. ஒரு நாளைக்கு மூன்று தரம், மாதம் முப்பது நாள் என்றால் ஏறக்குறைய 15 யூனிட். பில்லில் கூடினதும் அதே 15. மீற்றரில் பிழை இல்லை.

இது சரிதானா என்று வேறு பக்கமாகவும் பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோயூல் வேண்டும். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் 28 பாகை என்று வைத்தால் கொதிக்க இன்னும் 72 பாகை ஏற வேண்டும். 1.7 லீற்றருக்கு இது 0.14 யூனிட். கேற்றிலின் உடம்பு சூடாகிறதும் மூக்கால் ஆவி போகிறதும் சேர்ந்தால் 0.16 ஆகிறது. ஆக எந்த விலைக்கு எந்தப் பெயருள்ள கேற்றில் வாங்கினாலும் இந்த எண் பெரிதாக மாறாது, ஏனென்றால் செலவைத் தீர்மானிக்கிறது தண்ணீரின் அளவு. 2000 வாற்றுக் கேற்றில் கூடக் குடிக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அது கெதியாகக் கொதிக்கவைத்து கெதியாக நின்றுவிடும், அவ்வளவுதான். பின்னேரத்தில் வோல்ற்றேஜ் இறங்கும்போது மறுபக்கமாக நடக்கிறது. 230 வோல்ற்று 210 ஆக இறங்கினால் 1500 வாற்று 1250 ஆகிவிடும், ஆனால் கேற்றில் கூடுதல் நேரம் ஓடி அதே யூனிட்டைக் குடித்துவிடும், கொஞ்சம் கூடவென்றும் சொல்லலாம், மெதுவாகச் சூடாகும்போது வெளியே கசிகிற வெப்பமும் கூடுகிறது.

சரி, இதே சூத்திரத்தைப் பிறிட்ஜுக்குப் போட்டுப் பாருங்கள். தகட்டில் 120 வாற்று, 24 மணித்தியாலமும் ஓடுகிறது. மாதத்துக்கு 86 யூனிட்! மாமி வீட்டின் பில்லே 112 என்றால் பிறிட்ஜ் ஒன்று மட்டும் 86 குடிக்க முடியாது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிறிட்ஜ் செருகப்பட்டிருக்கிறது 24 மணித்தியாலம், அதன் கொம்பிறசர் ஓடுவது அதில் ஒரு பகுதிதான். குளிர் போதுமென்றால் நின்றுவிடும், உள்ளே சூடு ஏறினால் திரும்ப எழும்பும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 29 யூனிட், பங்குனி சித்திரை வெக்கையில் பாதி நேரம் ஓடினால் 43. தானாக நின்று நின்று எழும்புகிற சாமான் எதற்கும் செருகி வைத்த நேரத்தை எடுக்கக் கூடாது.

றைஸ் குக்கரும் அந்த வகைதான், ஆனால் அதற்குள் இரண்டு சாமான் ஒளிந்திருக்கிறது. அரிசி அவியும்போது 700 வாற்று. தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் அடி 100 பாகையைத் தாண்டாது, தண்ணீர் வற்றியதும் சூடு மேலே போகும், அடியிலுள்ள காந்தம் பிடி விட்டு 'டிக்' என்று தட்டுப்படும். அரை மணித்தியாலத்தில் டிக் என்றால் மாதத்துக்குப் பத்தரை யூனிட். அதற்குப் பிறகு அது சூடு பிடித்து வைக்கிற நிலைக்குப் போகிறது, 40 வாற்று அளவில். 40 என்றால் எவருக்கும் பொருட்டாகத் தெரியாது. காலையில் பத்து மணிக்கு அவிந்த சோறு பின்னேரம் மூன்று மணி வரை அப்படியே செருகிக் கிடந்தால் மாதத்துக்கு 6 யூனிட், சோறு அவித்ததில் பாதிக்கு மேல். மறுபக்கம், வீடே அதிரச் சத்தம் போடுகிற 550 வாற்று மிக்சியில் நாளைக்குப் பத்து நிமிடம் சம்பலும் உழுந்தும் அரைத்தாலும் மாதம் மூன்று யூனிட் வராது. சத்தத்தை வைத்துச் செலவைக் கணிக்கக் கூடாது, கரண்ட் குடிக்கிறது சூடு.

தகட்டில் உள்ளதை நம்பாவிட்டால் மீற்றரிடமே கேட்கலாம். இப்போதைய எலெக்ற்றோனிக் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், பக்கத்தில் 1600 imp/kWh என்பதுபோல ஒரு எண் அச்சடித்திருக்கும். ஒரு யூனிட்டுக்கு 1600 தரம் மின்னும் என்று அர்த்தம். (உங்கள் மீற்றரில் வேறு எண் இருக்கலாம், அதைத்தான் போட வேண்டும்.) வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேற்றிலை மட்டும் போட்டு, பத்து மின்னலுக்கு எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள்.

```
W = 3600000 × மின்னல்கள் ÷ (imp/kWh எண் × செக்கன்)
```

நாங்கள் பார்த்தபோது பத்து மின்னல் 15 செக்கன். 36000000 ஐ 24000 ஆல் பிரித்தால் 1500. தகடு பொய் சொல்லவில்லை. எல்லாம் நிறுத்தின பிறகும் விளக்கு மின்னுகிறதென்றால் எங்கேயோ ஒன்று ஓடுகிறது, அநேகமாகப் பிறிட்ஜ், அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். மாமி வீட்டில் முதல் முறை நான் இதை மறந்து 1600 சொச்சம் வந்து, கேற்றிலில் கோளாறு என்று வீணாகக் கதை பேசினது வேறு விஷயம்.

இனிக் காசு. பில் தொகையை யூனிட்டால் பிரித்து "ஒரு யூனிட் முப்பது ரூபா, 15 யூனிட் என்றால் 450" என்று கணக்குப் போட்டால் மாமிக்குக் கூடின தொகை விளங்காது. இலங்கையில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, படி மாறும்போது மாதாந்த நிலையான கட்டணமும் மாறுகிறது. 2025 ஜூனில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், பிறகு மாறியிருந்தால் உங்கள் பில்லிலுள்ள விலையைப் போடுங்கள், முறை அதேதான். 60 யூனிட்டுக்கு மேல் பாவிக்கிற வீட்டுக்கு முதல் 60 யூனிட் 12.75 ரூபாப்படி, 61 முதல் 90 வரை 18.50, 91 முதல் 120 வரை 24, 121 முதல் 180 வரை 41, அதற்கு மேல் 61. நிலையான கட்டணம் 90 வரை 400, 120 வரை 1000, 180 வரை 1500.

112 யூனிட்டுக்கு: முதல் அறுபதுக்கு 765, அடுத்த முப்பதுக்கு 555, மிச்சம் 22 க்கு 528, நிலையானது 1000. மொத்தம் 2848. கேற்றில் வந்து 127 ஆன பிறகு: 765, 555, முப்பது யூனிட்டுக்கு 720, 120 ஐத் தாண்டின ஏழுக்கு 287, நிலையானது 1500. மொத்தம் 3827. வித்தியாசம் 979 ரூபா, ஒரு யூனிட்டுக்கு 65 ரூபா. (இதற்கு மேல் சின்னதொரு வரியும் சேரும், அதை விட்டுவிடுகிறேன்.) ஆகவே புதுச் சாமான் வாங்குமுன் பார்க்க வேண்டியது சராசரி விலையை இல்லை, வீடு இப்போது எந்தப் படியில் நிற்கிறது, இந்தச் சாமான் அடுத்த படிக்குத் தள்ளிவிடுமா என்பதை. அதே கேற்றில் 95 யூனிட் பாவிக்கிற வீட்டுக்குப் போயிருந்தால் 15 யூனிட்டும் 24 ரூபாப்படி 360 ரூபாவோடு முடிந்திருக்கும்.

இதில் கொடூரமான விளிம்பு 60 தான். அறுபதுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் முப்பது 4.50 படியும் அடுத்த முப்பது 8 ரூபாப்படியும், நிலையானது 210. சரியாக 60 என்றால் 585 ரூபா. 61 ஆனால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறி 1183.50. அந்த ஒரு யூனிட்டின் விலை 598.50! தனியாக இருக்கிற வயதான ஆட்களுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து கேற்றில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும்போது இதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டு பில்லை ஒப்பிடும்போது நாட்களையும் பாருங்கள். மீற்றர் பார்க்க எல்லா மாதமும் சரியாக முப்பதாம் நாள் வருவதில்லை. படிகளின் எல்லை நாட்களுக்கேற்ப நீளும், 33 நாள் பில் என்றால் 120 என்ற எல்லை 132 ஆகிறது. யூனிட்டை நாட்களால் பிரித்துத்தான் ஒப்பிட வேண்டும். மாமியின் இரண்டு பில்லும் 30 நாள், அதனால் அந்தச் சந்தேகம் இல்லை.

மாமி கேற்றிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தேவையான அளவு, முக்கால் லீற்றர் மட்டும், ஊற்றுகிறா. மூன்று நிமிடத்தில் கொதிக்கிறது, மாதம் 7 யூனிட்டுக்குள். அதிலேயே 8 குறைந்து 119 ஆகிறது, ஆனால் விளிம்பில் ஒரு யூனிட் இடைவெளியை நம்பி இருக்க முடியாது, ஒரு நாள் பேரப்பிள்ளைகள் வந்தால் போச்சு. ஆகவே குக்கர் டிக் என்றதும் செருகியைக் கழற்றிவிடச் சொன்னேன், சட்டி மூடியிருந்தால் மத்தியானச் சாப்பாடு வரை சோறு சூடாகத்தான் இருக்கும். அந்த 6 உம் போனால் 113, பில் 2872. கேற்றில் இல்லாத மாதத்தைவிட 24 ரூபா கூட.

"அப்ப மீற்றர் நல்லாத்தான் இருக்கு" என்றா மாமி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.