ஒரே கோடு, பத்தாயிரம் சாய்வுகள்: திட்டப் பிழையைக் கண்ணால் பார்ப்பது

பள்ளி ஆய்வகத்தில் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிட்டு, அதில் ஒவ்வொன்றாக எடைக்கல் சேர்த்து நீளத்தை அளக்கிறோம். புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு நடுவே மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோடு போடுகிறோம். கணினி சாய்வு 2.21 என்கிறது. பக்கத்திலேயே திட்டப் பிழை 0.33 என்று இன்னொரு எண்ணும் வருகிறது. சாய்வு என்றால் ஒரு கல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் நீள்கிறது என்பது. அந்த 0.33 எதைச் சொல்கிறது?

சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்தால் சாய்வு 2.21 வராது, 1.8 வரலாம், 2.4 வரலாம். இப்படி மாறி மாறி வரும் சாய்வுகளின் சிதறலைத்தான் 0.33 அளக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு சோதனை. நடக்காத சோதனைகளின் சிதறலை அது எப்படிச் சொல்லும் என்று மாணவர்கள் திகைப்பது நியாயமே. திகைப்பு தீர ஒரு வழி உண்டு: உண்மைக் கோட்டை நாமே முடிவு செய்துவிட்டு, சோதனையைக் கணினியில் பத்தாயிரம் முறை நடத்திப் பார்ப்பது.

நம் வில்லுக்கு எடை இல்லாதபோது நீளம் 150 மி.மீ., ஒவ்வொரு கல்லுக்கும் 2 மி.மீ. கூடுகிறது என்று வைப்போம். வில் ஆடுவதாலும் அளவுகோலைச் சரிவாகப் பார்ப்பதாலும் ஒவ்வோர் அளவீட்டிலும் பிழை சேர்கிறது. அது இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது, அதன் திட்ட விலக்கம் 3 மி.மீ. என்று கொள்வோம். கற்கள் 1 முதல் 10 வரை, ஆக ஒரு சோதனைக்குப் பத்து அளவீடுகள்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
x = np.arange(1, 11)
b = []
for i in range(10000):
    y = 150 + 2*x + rng.normal(0, 3, 10)
    b.append(np.polyfit(x, y, 1)[0])
print(np.mean(b), np.std(b, ddof=1))
```

முதல் எண் 2-க்கு மிக அருகில் வரும். இந்த முறை ஒரு பக்கமாகச் சாய்வதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டாவது எண் 0.33 அளவில் நிற்கும். சாய்வுகளைப் பட்டை வரைபடமாகப் போட்டால் 2-ஐ நடுவாகக் கொண்ட மணி வடிவம் தெரியும். நூற்றில் 95 சாய்வுகள் ஏறத்தாழ 1.35-க்கும் 2.65-க்கும் இடையில் விழும். எல்லாமே ஒரே வில்லிலிருந்து வந்தவை என்பதை மறக்க வேண்டாம்.

பாடநூல் சூத்திரமும் இதே எண்ணைத் தருகிறது: `σ / √Σ(x − x̄)²`. இங்கே σ = 3. x-இன் சராசரி 5.5; அதிலிருந்து ஒவ்வொரு x-உம் விலகும் தொலைவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 82.5, அதன் வர்க்கமூலம் 9.08. மூன்றை அதால் வகுத்தால் 0.33.

இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 10000-ஐ ஒரு லட்சமாக்கினால் இரண்டாவது எண் சுருங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். சுருங்காது. சோதனைகளின் எண்ணிக்கை கூடக் கூட, 0.33 என்ற அளவைத் துல்லியமாக அறிகிறோம், அவ்வளவுதான். சிதறலே குறைய வேண்டுமானால் ஒரு சோதனைக்குள் இருக்கும் அளவீடுகள் கூட வேண்டும். ஒவ்வொரு கல் எண்ணிக்கைக்கும் எடையை இறக்கி ஏற்றி நான்கு முறை அளந்தால், மொத்தம் 40 அளவீடுகள், திட்டப் பிழை பாதியாகி 0.165. நான்கு மடங்கு உழைப்புக்குப் பாதிப் பிழை என்பதே கணக்கு.

உழைப்பைக் கூட்டாமலும் குறைக்கலாம். அதே பத்து அளவீடுகளில் ஐந்தை 1 கல்லிலும் ஐந்தை 10 கல்லிலும் எடுத்தால் திட்டப் பிழை 0.21 ஆகிவிடும். மாறாக, ஐந்தை 5 கல்லிலும் ஐந்தை 6 கல்லிலும் எடுத்துப் பாருங்கள்: 1.90! ஏழு சோதனைகளில் ஒன்றில் சாய்வு எதிர்மறையாகவே வரும். எடை ஏற ஏற வில் சுருங்குகிறது என்று கோடு சொல்லும். ஒரு நீண்ட கம்பை இரு கைகளாலும் பிடித்திருப்பதாக நினைத்தால் காரணம் விளங்கும். கைகள் இரு முனைகளிலும் இருந்தால் சிறு நடுக்கம் கம்பை அதிகம் சாய்க்காது. நடுவில் ஒட்டிப் பிடித்தால் அதே நடுக்கம் கம்பையே ஆட்டிவிடும். ஆனாலும் இரு முனைகளில் மட்டும் அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் உறவு வளைந்திருந்தால் அது தெரியவே தெரியாது.

இதுவரை σ = 3 என்பது நமக்குத் தெரியும், நாமே வைத்ததால். உண்மைச் சோதனையில் அது தெரியாது. கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் எச்சங்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். ஒரே சோதனை மற்ற சோதனைகளைப் பற்றிச் சொல்ல முடிவது இதனால்தான்: எச்சங்கள் பிழையின் பருமனைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் பத்தே புள்ளிகளிலிருந்து வரும் அந்த மதிப்பீடும் ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் திட்டப் பிழையையும் கணக்கிட்டுச் சேமித்தால், நூற்றில் 95 சுற்றுகளில் அது 0.17 முதல் 0.49 வரை எங்கும் இருக்கலாம். அதனால் சாய்வுக்கு இருபுறமும் திட்டப் பிழையின் 1.96 மடங்கு என்று இடைவெளி போட்டால், அது உண்மையான 2-ஐ நூற்றுக்கு 95 முறை பிடிக்காது, சுமார் 91 முறைதான் பிடிக்கும். 2.31 மடங்கு போட்டால்தான் 95 கிடைக்கும்.

இந்தத் திருத்தத்தின் தோற்றமே ஒரு கைவேலைச் சிமுலேஷனோடு பிணைந்தது. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 1908-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்தார். அவர் பார்த்தது சராசரியின் ஆட்டத்தை. அந்த ஆய்விலிருந்து வந்த, நமக்கு 2.31-ஐத் தரும் t பரவல்தான் சாய்வுக்கும் பயன்படுகிறது.

எழுதும்போது வரும் தவறுகள் எளிதில் பிடிபடும். `default_rng(7)` வரியைச் சுழற்சிக்குள் வைத்துவிட்டால் எல்லாச் சாய்வுகளும் ஒன்றாகவே வந்து சிதறல் பூஜ்யமாகும். `normal`-இல் இரண்டாவதாகத் தர வேண்டியது திட்ட விலக்கம். மாறுபாடு என்று நினைத்து 9 போட்டால் 0.33-க்குப் பதில் 0.99 வரும்.

தரவிலேயே இருக்கும் தவறு அப்படிப் பிடிபடாது. பத்து நிலைகளிலும் வில்லை ஒவ்வொரு புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு மாணவர்கள் படித்து 40 அளவீடுகள் என்று எழுதுவதாக வைப்போம். வில் ஆடிய பிழை படத்திலேயே உறைந்துவிட்டது. நால்வருக்கும் ஒரே எண்தான் கிடைக்கிறது. சுழற்சிக்குள் இருக்கும் இரு வரிகளை இப்படி மாற்றினால் அதுவே நடக்கும்:

```python
    e = rng.normal(0, 3, 10)
    X = np.repeat(x, 4)
    Y = 150 + 2*X + np.repeat(e, 4)
    b.append(np.polyfit(X, Y, 1)[0])
```

சாய்வுகளின் உண்மைச் சிதறல் 0.33-இலேயே நிற்கும். ஆனால் 40 தனித்தனி அளவீடுகள் என்று நம்பும் சூத்திரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 0.15 என்று அச்சிடும். ஒரே ஒரு சோதனையின் முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த 0.15-இல் எந்தச் சந்தேகமும் எழாது. இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இடைவெளி தெரியும்.